வேலை இடைவெளியைக் கவர் லெட்டரில் எப்படி எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பலூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில், வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் பிரித்துப் படிக்கும் பொறுப்பில் இருந்தவன் நான். இப்போது தெரிந்தவர்கள், தெரிந்தவர்களின் பிள்ளைகள் என்று பலர் தங்கள் கவர் லெட்டரைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். திருமங்கலத்திலிருந்து வந்தாலும் மேலூரிலிருந்து வந்தாலும், நடுவில் வேலை இல்லாமல் இருந்த காலத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன்.

பெரும்பாலான கம்பெனிகளுக்குக் கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். எடுத்துக்காட்டுகளை நான் தமிழில் தருகிறேன். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில் மொழியால் எந்த மாற்றமும் இல்லை.

"எத்தனை மாசம் சும்மா இருந்தா அதைக் கேப்னு எழுதணும்?"

மூன்று மாதத்துக்குள் என்றால் எழுத வேண்டியதில்லை. ஒரு வேலையை விட்டு, கணக்கு முடித்து, இன்னொரு வேலை தேடிச் சேர அவ்வளவு நாள் ஆகும் என்று விண்ணப்பம் படிக்கிறவருக்குத் தெரியும். ஆறு மாதம் தாண்டிவிட்டால் கடிதத்தில் அதற்கு ஓரிரு வரி வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், அந்த இடைவெளி இப்போதும் தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்கிறது என்றால் எழுதிவிடுங்கள்.

பழைய இடைவெளியைத் தோண்டி எடுக்க வேண்டாம். 2016இல் எட்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, 2017 முதல் இன்றுவரை ஒரே இடத்தில் வேலை பார்ப்பவருக்கு அந்த எட்டு மாதத்தைப் பற்றிக் கடிதத்தில் பேச ஒன்றுமில்லை. நேரில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

"ரெஸ்யூம்லதான் தேதியெல்லாம் இருக்கே சார், லெட்டர்ல வேற எதுக்குச் சொல்லணும்?"

ரெஸ்யூமில் தேதிதான் இருக்கும், காரணம் இருக்காது. "2021 ஜூலை" என்று ஒரு வேலை முடிந்து, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்றால், படிக்கிறவர் காரணத்தைத் தானே ஊகிப்பார். அந்த ஊகம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: இவரை நிறுத்திவிட்டார்கள், இவருக்கு வேலை மறந்திருக்கும், எந்தக் காரணத்துக்காகப் போனாரோ அதற்காகவே மறுபடியும் போய்விடுவார்.

இந்த மூன்று சந்தேகங்களுக்கும் பதில் சொல்லிவிட்டால் கடிதத்தின் வேலை முடிந்தது. ஏன் போனேன், அந்தக் காரணம் முடிந்துவிட்டதா, வேலை இன்னும் கையில் இருக்கிறதா என்ற மூன்று மட்டும் போதும். அந்தக் காலத்தில் நீங்கள் பட்ட பாடு இந்தக் கணக்கில் வராது. அது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பம் படிக்கிறவர் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

"எத்தனை வரி எழுதலாம்? லெட்டர்ல எந்த இடத்துல?"

இரண்டு வாக்கியம், மிஞ்சினால் மூன்று. ஒரு பக்கக் கடிதத்தில் அதற்கு மேல் போனால் கடிதமே இடைவெளியைப் பற்றியதாக மாறிவிடும்.

முதல் பத்தியில் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அதற்கு உங்களிடம் இருக்கும் முக்கியமான தகுதி என்ன என்று சொல்லுங்கள். இரண்டாவது பத்தியில் முன்பு பார்த்த வேலை. இடைவெளி மூன்றாவது பத்தியில் வரட்டும். அந்தப் பத்தி இடைவெளியோடு நின்றுவிடக் கூடாது. அதன் கடைசி வாக்கியம் மறுபடியும் நீங்கள் கேட்கும் வேலைக்கே வந்து சேர வேண்டும். கடைசிப் பத்தியில் எப்போது சேர முடியும், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்பதோடு முடித்துவிடுங்கள். இடைவெளியைக் கடைசியில் வைத்தால், அவர் கடிதத்தை மூடிவைக்கும்போது மனதில் நிற்பது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"மன்னிப்புக் கேக்கிறது மரியாதைதானே? கேக்காட்டி திமிர்னு நினைச்சிர மாட்டாங்களா?"

நினைக்க மாட்டார்கள். அவருக்கு நீங்கள் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அவருடைய கம்பெனியில் வேலை பார்த்து, சொல்லாமல் நின்றுபோகவும் இல்லை. அப்படியிருக்க மன்னிப்புக் கேட்டால், "இவர் மன்னிப்புக் கேட்கும்படி என்ன செய்தார்?" என்று அவர் யோசிக்கத் தொடங்குவார். இல்லாத சந்தேகத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

இந்தப் பழக்கம் நமக்கு மனு எழுதி எழுதி வந்தது என்று நினைக்கிறேன். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவில் கஷ்டத்தை எவ்வளவு விரிவாகச் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. அங்கே நாம் கேட்பது உதவி, கேட்கப்படுகிறவர் கஷ்டத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வேலைக் கடிதத்தில் கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது. அவருக்கு ஆள் வேண்டும், நமக்கு வேலை வேண்டும். "தாழ்மையுடன்", "பெரிய மனது வைத்து", "துரதிர்ஷ்டவசமாக", "வேறு வழியின்றி" இந்த நான்கும் உங்கள் கடிதத்தில் இருந்தால் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் எதுவும் குறைந்திருக்காது. மரியாதைக்கு "வணக்கம்", "தங்கள்", கடைசியில் "நன்றி" போதும்.

"வாயால சொன்னா புரியல அண்ணே. யாரோட லெட்டரையாவது திருத்திக் காட்டுங்களேன்."

சரி. திருநகரில் இருக்கும் ஒரு பெண், ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பி.காம். படித்தவர். வாகன உதிரிபாகங்கள் விற்கும் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 2015 ஜூன் முதல் 2021 ஜூலை வரை கணக்கு எழுதினார். டாலி, ஜிஎஸ்டி இரண்டும் நன்றாகத் தெரியும். அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியதும் வேலையை விட்டார். 2024 பிப்ரவரியில் அப்பா இறந்துவிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு விநியோகஸ்தர் அலுவலகத்தில் கணக்கர் வேலைக்கு விண்ணப்பிக்க நினைத்தார். அவர் எழுதிக் கொண்டுவந்த பத்தி இது:

> முதற்கண் என் பணி அனுபவத்தில் ஏற்பட்டுள்ள மூன்று ஆண்டு இடைவெளிக்காகத் தங்களிடம் மன்னிப்புக் கோருகிறேன். துரதிர்ஷ்டவசமாக என் தந்தைக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டிய நிலை ஏற்பட்டது. என் அண்ணன் துபாயில் இருப்பதாலும், என் தாயார் சர்க்கரை நோயாளி என்பதாலும் வேறு வழியின்றி நானே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. எவ்வளவோ முயன்றும் அவரைக் காப்பாற்ற இயலவில்லை. இதனால் என் வேலைத்திறன் சற்றுக் குறைந்திருக்கலாம் என்றாலும், தாங்கள் பெரிய மனது வைத்து ஒரு வாய்ப்பு அளித்தால் இரவு பகல் பாராமல் உழைப்பேன்.

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வரியும் அவருக்கு எதிராகவே போகிறது. அண்ணன் ஊரில் இல்லை, அம்மாவுக்குச் சர்க்கரை என்று எழுதியதும், "நாளைக்கு அம்மாவுக்கு ஏதாவது என்றால் இவர்தானே போக வேண்டும்" என்ற கணக்கு படிக்கிறவர் மனதில் ஓடத் தொடங்கிவிடும். "வேலைத்திறன் குறைந்திருக்கலாம்" என்பதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லியிருக்கிறார். எனக்கு இவற்றைவிடப் பெரிய குறையாகப் பட்டது, சொல்லாமல் விட்ட ஒரு விஷயம். 2024 ஜூனிலிருந்து அவர் ஒரு வரி ஆலோசகரிடம் பகுதி நேரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "அது அரை நாள் வேலைதானே, சம்பளமும் கொஞ்சம்தான்" என்று எழுதவில்லையாம். அவர் வேலையை விட்ட 2021இல், ஆண்டு விற்றுமுதல் ஐம்பது கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள்தான் இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிவு செய்யும் பில், எடுக்க வேண்டியிருந்தது. அந்த வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து கோடி ஆகிவிட்டது. நடுத்தர விநியோகஸ்தர்கள் பலர் அதற்குள் வந்துவிட்டார்கள். "இவருக்கு இது தெரியுமா?" என்றுதான் கணக்கர் தேடுகிறவர் முதலில் பார்ப்பார். ஆலோசகர் அலுவலகத்தில் அவர் தினமும் செய்ததே இந்த வேலைதான்.

திருத்தி எழுதியது:

> 2021 ஆகஸ்ட் முதல் 2024 பிப்ரவரி வரை, டயாலிசிஸ் சிகிச்சையில் இருந்த என் தந்தையைக் கவனித்துக்கொள்வதற்காக வேலைக்குச் செல்லவில்லை. அந்தப் பொறுப்பு இப்போது இல்லை. 2024 ஜூன் முதல் வரி ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தில் பகுதி நேரமாக, வாடிக்கையாளர்களுக்கு இ-இன்வாய்ஸ் எடுப்பதும் ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்வதும் பார்த்து வருகிறேன். தங்கள் விளம்பரத்தில் கேட்டுள்ள மாதாந்திர ஜிஎஸ்டி வேலையை முதல் மாதத்திலிருந்தே எடுத்துக்கொள்ள முடியும்.

"அப்பா இறந்ததை அதுல சொல்லவே இல்லையே. மறைச்ச மாதிரி ஆகாதா? மார்ச், ஏப்ரல், மே என்ன ஆச்சு?"

மறைப்பது என்றால், படிக்கிறவர் தவறான ஒன்றை நம்பும்படி எழுதுவது. "அந்தப் பொறுப்பு இப்போது இல்லை" என்று படிப்பவர் தவறாக நம்ப அதில் எதுவுமில்லை. துக்கத்தை முன்பின் தெரியாதவரிடம் எழுத்தில் சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் விருப்பம். "தந்தை காலமாகிவிட்டார்" என்று எழுதியிருந்தாலும் சரிதான், அதுவும் இரண்டே சொல்தான். டயாலிசிஸ் என்ற சொல்லை நான் எடுக்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் போல ஆகும் என்பது பலருக்குத் தெரிந்த விஷயம். வேலைக்குப் போய்க்கொண்டே ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்ற கேள்விக்கு அந்த ஒரு சொல்லே பதிலாகிவிடுகிறது.

நடுவில் இருக்கும் அந்த மூன்று மாதம், முதல் கேள்விக்குச் சொன்ன பதிலிலேயே அடங்கிவிடும்.

"கல்யாணம், ரெண்டு பிள்ளைகள்னு ஆறு வருஷம் ஓடிப்போச்சு. குடும்பத்தைப் பத்தி எவ்வளவு எழுதணும் சார்?"

"2018 முதல் 2024 வரை குழந்தைகளை வளர்ப்பதற்காக வேலையிலிருந்து விலகியிருந்தேன், இப்போது முழு நேர வேலைக்கு வர முடியும்." குடும்பத்தைப் பற்றி இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார், பள்ளிக்கூட வேன் நாலு மணிக்கு வரும், வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார் என்றெல்லாம் எழுதுகிறார்கள். நம்பிக்கை கொடுக்கத்தான் எழுதுகிறார்கள். படிக்கிறவருக்கோ மாமியார் ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்றுதான் தோன்றும். திருநகர்ப் பெண் அம்மாவின் சர்க்கரையை எழுதியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

ஆறு வருஷத்தில் கவனிக்க வேண்டியது, உங்கள் தொழிலில் என்ன மாறியிருக்கிறது என்பதுதான். கடிதம் எழுதுவதற்கு முன்னால், அதே வேலையில் இருக்கும் பழைய தோழி யாரையாவது கூப்பிட்டு, "நான் விட்டதுக்கப்புறம் புதுசா என்னென்ன வந்திருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் ஒன்றையாவது கற்றுக்கொண்டு அதை எழுதினால், குடும்பத்தைப் பற்றி எழுதும் பத்து வரியைவிட அது நம்பிக்கை தரும்.

"நாலு வருஷம் குரூப் எக்ஸாமுக்குப் படிச்சேன். கிடைக்கல. அதை எழுதினா தோத்துப்போனவன்னுதானே நினைப்பாங்க?"

மதுரையில் இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குள் ஒருமுறை போய்ப் பார்த்தாலே போதும், எத்தனை பேர் இப்படி உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று தெரியும். இந்த ஊரில் விண்ணப்பம் படிக்கிறவர் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். தேர்வில் தேறாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "வேலையில் சேர்த்து மூன்று மாதம் சொல்லிக்கொடுத்த பிறகு ரிசல்ட் வந்துவிட்டது என்று போய்விடுவானோ?" என்பதுதான் அவர்களுடைய பயம்.

அதனால் படித்த காலத்தையும், படிப்பை நிறுத்திவிட்டீர்களா என்பதையும் சொல்லுங்கள். "2020 முதல் 2024 வரை டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்குத் தயாரானேன், குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் தேறினேன். அந்த முயற்சியை இப்போது முடித்துக்கொண்டு, தனியார் துறையில் நிலையான வேலை தேடுகிறேன்." முதல்நிலையில் தேறியது உண்மையாக இருந்தால்தான் அதை எழுதலாம், கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். எதிலும் தேறவில்லை என்றால் தயாரான காலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எத்தனை மதிப்பெண்ணில் போனது, கட்-ஆஃப் எவ்வளவு என்ற கதையெல்லாம் கடிதத்துக்கு வேண்டாம்.

ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறீர்கள், அல்லது அடுத்த அறிவிப்புக்கும் விண்ணப்பிப்பீர்கள் என்றால், "முடித்துக்கொண்டேன்" என்று எழுதாதீர்கள். அது பொய். "தயாரானேன், இப்போது வேலைக்கு வர விரும்புகிறேன்" என்று எழுதலாம். நேரில் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். ரிசல்ட் பாக்கி இருப்பது தெரிந்தும் எடுத்துக்கொள்ளும் அலுவலகங்கள் இருக்கின்றன. ஆறே மாதத்துக்கு மட்டும் ஆள் தேவைப்படும் வேலைகளும் உண்டு.

"நான் படிக்கவும் இல்ல, யாரையும் பார்த்துக்கவும் இல்ல. வேலை தேடுனேன், கிடைக்கல. என்னன்னு எழுத?"

அதையே எழுதுங்கள். "2023 செப்டம்பரில் முந்தைய நிறுவனத்தின் மதுரைக் கிளை மூடப்பட்டதிலிருந்து இதே துறையில் வேலை தேடி வருகிறேன்." வேலை தேடுவதும் ஒரு காரணம்தான். அதை மறைக்க ஃப்ரீலான்ஸ் செய்தேன், கன்சல்டன்டாக இருந்தேன் என்று எழுதுகிறார்கள். "யாருக்குச் செய்தீர்கள், ஒரு பில்லைக் காட்டுங்கள்" என்றால் அங்கேயே நின்றுபோகும்.

கைவேலை தொடர்ந்து இருந்ததைக் காட்ட ஒன்றுமே இல்லை என்றால், இன்றைக்குத் தொடங்குங்கள், தொடங்கிய மாதத்தை உள்ளபடி போடுங்கள். சென்ற மாதம் தொடங்கிய பயிற்சியைப் போன வருஷமே தொடங்கியதாக எழுத வேண்டாம். அம்மா நடத்தும் தையல் கடையில் கணக்குப் பார்த்தது, தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது எல்லாம் உண்மையான வேலைதான். கேட்கும் வேலையோடு தொடர்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

"தேதியை ஒரு ஆறு மாசம் முன்ன பின்ன போட்டா யாருக்குத் தெரியும்? மாமா கடையில எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வாங்கிக்கலாம்னு இருக்கேன்."

தெரியும். இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குப் பொதுவாக பிஎஃப் சட்டம் பொருந்தும். உங்கள் யுஏஎன் எண்ணில் போய் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பார்த்தால், ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் வரிசையாக இருக்கும். சரிபார்ப்பு ஏஜென்சிகள் கேட்கும் முதல் எண்களில் அதுவும் ஒன்று. பிஎஃப் இல்லாத சின்னக் கடை என்றால், போன் போட்டுக் கேட்பார்கள். கீழமாசி வீதியில் கடை வைத்திருப்பவருக்குத் தெற்குமாசி வீதியில் யாரைக் கேட்கலாம் என்று தெரியாமலா இருக்கும்? மாமா கடையில் உண்மையிலேயே உட்கார்ந்து வேலை பார்த்திருந்தால் அதை எழுதலாம், உறவினர் கடை என்பதையும் சேர்த்து. வேலை பார்க்காமல் கடிதம் மட்டும் வாங்கினால், வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் கழித்துக்கூட அது உங்களை வெளியே அனுப்பிவிடும். அப்போது வருவது இன்னொரு இடைவெளி, அதற்குக் காரணம் எழுதுவது இன்னும் கஷ்டம்.

உண்மையைச் சொல்பவர்களும் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதிவு செய்யாமலே விட்டிருக்கும். கடிதத்தில் 2021 ஜூலை, அங்கே தேதியே இல்லை. விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால், பிஎஃப் உறுப்பினர் தளத்தில் Manage என்பதற்குள் Mark Exit போய், ஆதாருக்கு வரும் ஓடிபியைக் கொடுத்து நீங்களே தேதியைப் போட்டுக்கொள்ளலாம். போட்ட பிறகு மாற்றுவது லேசில்லை. ரிலீவிங் லெட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

"நானா விடல, அவங்கதான் நிறுத்திட்டாங்க. இதை எப்படி அண்ணே எழுத?"

ஆள்குறைப்பு என்றால் தயங்காமல் எழுதுங்கள்: "ஆள்குறைப்பின்போது என் பணியிடமும் நீக்கப்பட்டது." தனியாக உங்களை மட்டும் நிறுத்தினார்கள் என்றால், "என் பணி 2023 நவம்பரில் முடிவுக்கு வந்தது" என்பதோடு நிறுத்தி, அதன் பிறகு என்ன செய்தீர்கள் என்பதற்குப் போய்விடுங்கள். ஏன் நிறுத்தினார்கள் என்பதைக் கடிதத்தில் வாதாடி ஜெயிக்க முடியாது. அது நேரில் பேச வேண்டிய விஷயம்.

எழுதக் கூடாதது இரண்டு. "ராஜினாமா செய்தேன்" என்று எழுதாதீர்கள். பழைய இடத்தில் விசாரித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய மேனேஜரைக் குறை சொல்லியும் எழுதாதீர்கள். தப்பு முழுக்க அவர் மேலேயே இருந்தாலும், படிக்கிறவரும் ஒரு மேனேஜர்தான், அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் உங்கள் கடிதத்தைப் படிப்பார்.

"எனக்கு மனசு சரியில்லாம ஒரு வருஷம் வைத்தியம் பார்த்தேன். மஞ்சக்காமாலைன்னு எழுதிரவா?"

வேண்டாம். "உடல்நலக் காரணங்களுக்காக" என்பதே உண்மை. மனநலமும் உடல்நலத்தில் ஒரு பகுதிதான். எந்த நோய், எந்த மருத்துவர், என்ன மாத்திரை என்று கடிதத்தில் எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. இல்லாத நோயின் பெயரைச் சொன்னால் அதற்கு ஒரு சான்றிதழ் தேட வேண்டிவரும், பிறகு அதை வருஷக்கணக்கில் நினைவில் வைத்திருக்க வேண்டிவரும்.

"2023இல் உடல்நலக் காரணங்களுக்காக விடுப்பில் இருந்தேன், இப்போது முழு நேர வேலை பார்க்கத் தயாராக இருக்கிறேன்." இதில் கவனிக்க இரண்டு இருக்கிறது. வேலையை விட்டிருந்தால் "விடுப்பில்" என்ற சொல் தவறு, "வேலைக்குச் செல்லவில்லை" என்று மாற்றுங்கள். இன்னும் மருந்து எடுக்கிறீர்கள் என்றால் "முழுமையாகக் குணமாகிவிட்டது" என்று எழுதாதீர்கள். "வேலை பார்க்கத் தயார்" என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். இரவு ஷிஃப்ட் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், நேரில் பேசும்போது, வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

"வாட்ஸ்அப்ல ரெஸ்யூம் மட்டும் அனுப்பச் சொல்றாங்க. லெட்டருக்கே இடமில்லையே?"

ரெஸ்யூமிலேயே, இரண்டு வேலைகளுக்கு நடுவில், தேதி வரிசையில் ஒரு வரி போடுங்கள்: "2021 ஆகஸ்ட் – 2024 பிப்ரவரி: குடும்பப் பொறுப்பு (தந்தையின் சிகிச்சை)." அனுப்பும் செய்தியில் பெயர், கேட்கும் வேலை, அனுபவம், எப்போது சேர முடியும் என்ற நான்கும் போதும். வாய்ஸ் மெசேஜில் காரணம் சொல்ல வேண்டாம், பேசப் பேச நீண்டுவிடும்.

"எல்லாம் சரி சார், இன்டர்வியூல உட்கார வச்சுத் தோண்டித் தோண்டிக் கேட்டா?"

முதலில் கடிதத்தில் எழுதிய அதே வாக்கியத்தைச் சொல்லுங்கள், அதே மாதம், அதே காரணம். கடிதத்தின் ஒரு நகலை முந்தின நாள் எடுத்துப் படித்துவிட்டுப் போங்கள். எழுதியது ஒன்று, வாயில் வருவது ஒன்று என்றால், இரண்டும் உண்மையாகவே இருந்தாலும் சந்தேகம் வந்துவிடும். அதற்கு மேல் கேட்டால், கேட்ட அளவுக்குப் பதில் சொல்லுங்கள். சொல்ல விருப்பமில்லாத இடம் வந்தால், "அது குடும்ப விஷயம் சார், வேலையை அது பாதிக்காது" என்று சொல்லலாம். பாதிக்காது என்பது உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருநகர்ப் பெண்ணிடம் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்களாம். மீதி நேரமெல்லாம், ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதிக்குள் போக வேண்டும் என்றால் கடை பில்களை எந்தத் தேதிக்குள் வாங்கிவைப்பீர்கள், இ-இன்வாய்ஸைத் தப்பாக எடுத்துவிட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் ரத்து செய்ய வேண்டும் என்றே பேச்சு போயிருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரம் என்று அவர் உடனே சொன்னார்.